பதினேழு வயது வெட்டரன்

தெப்ராவில் எங்கள் தாமான்காரர்கள் நடத்திய ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் பதியும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். எக்செல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று கூட்டத்தில் சொல்லியும் வைத்தேன்.

வயதை யாரிடமும் கேட்கவில்லை. ஐசி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சூத்திரமே பிரிவைச் சொல்லிவிடும். பெண் வெட்டரன்களுக்கு, அதாவது 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 3001 முதல் பிப் எண்.

ஐசி எண்களை ஒட்டியதும் எக்செல் அவற்றை E+11 என்று சுருக்கியது. கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றி, முழுதாகத் தெரிந்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். முன்னால் இருந்த பூஜ்யங்கள் போனதைக் கவனிக்கவில்லை. 080214 என்று தொடங்கும் 2008-இல் பிறந்த பிள்ளையின் எண் 80214 என்று ஆனது. சூத்திரம் 80 என்று படித்து, அவளை 1980-இல் பிறக்கவைத்தது. கடைசி இலக்கம் அப்படியே இருந்ததால் ஆண் பெண் குழப்பம் இல்லை. அதனால் எனக்குச் சந்தேகமும் இல்லை. பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா என்று எண்ணியிருந்தாலே பிடிபட்டிருக்கும். செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
=LEFT(TEXT(A2,"000000000000"),2)
```

பிப்பைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு 3001 என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? ஓடினாள். பெண் வெட்டரனில் முதலாவதாக வந்தாள்.

தவறு தெரிந்த பிறகு பிரிவை மட்டும் பட்டியலில் மாற்றினால் போதும், பிப் எண் அப்படியே இருக்கலாம். அதையும் நான் கெடுத்து வைத்திருந்தேன். எங்களிடம் சிப் கிடையாது. எல்லைக்கோட்டில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவார். இன்னொருவர் பிப்பின் அடித்துண்டைக் கிழித்துக் கம்பியில் கோப்பார். வாட்ச்சில் ஏழாவது நேரம், கம்பியில் ஏழாவது துண்டுக்கு. இதற்கு ஒரே கம்பிதான் இருக்க வேண்டும். பரிசு கொடுக்கச் சுலபமாக இருக்கும் என்று நான் பிரிவுக்கு ஒரு கம்பி வைத்தேன். எந்த நேரம் யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாமல் போனது.

எல்லைக்கோட்டில் யாரோ ஒரு அப்பா கைப்பேசியில் விடாமல் எடுத்த வீடியோவைப் போட்டுப் போட்டு, வந்த வரிசையைத் திரும்ப எழுதினோம். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் மூன்றாவது.

வெட்டரன் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உண்மையில் முதலாவதாக வந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைகிட்டயே இருக்கட்டும் தம்பி. நாற்பதுக்கு மேலன்னு இவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கீங்க, இதைப் போய் வீட்டுல எங்க மாட்டுறது?”