கட்டைவிரலுக்கு அடியில சனிக்கிழமை

ஏம்ப்பா பேராண்டி, ஒன் மகன் ஸ்கூல்ல கொடுத்த சுற்றறிக்கையைச் சாய்ச்சுப் பிடிச்சு ஒரு போட்டோ, அதுக்குக் கீழ ‘எழுது’ன்னு ஒத்தச் சொல்லு. அம்புட்டுத்தானா? ஒரு ‘ங்க’ போட்டா விரலு தேஞ்சா போயிரும்? சரி, போகட்டும். தாலுகா ஆபீசு வாசல்ல மனு எழுதியே மூணு புள்ளைகளைக் கரையேத்துனவன் நான். எனக்கு எழுதுறது கஷ்டமில்ல. நீ சொல்லாம விட்டதைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். 02.02.2026 தேதி போட்ட தாளு. லீவு வேணும்னா மூணு வேலை நாளுக்கு முன்னாலயே கடிதம் வரணுமாம். அதைப் பெத்தவங்கதான் எழுதணும், வகுப்பு டீச்சர் வழியா தலைமை ஆசிரியைக்குப் போகணும். புள்ளையோட சேர்க்கை எண் இருக்கணும். மூணு நாளுக்கு மேல லீவுன்னா பெத்தவங்க நேர்ல வரணும். 16-ந் தேதி திங்கக்கிழமை தமிழ் தேர்வு. அதுக்கு மேல ஒரு வரி இருக்கு. ‘14-ந் தேதி சனிக்கிழமை’ங்கிறது தெரியுது. மிச்சத்துல ஒன் கட்டைவிரலு படுத்துக் கெடக்கு.

அந்த வரியில என்ன கெடக்குன்னு கேக்குறியா? எல்லாம் அதுலதாம்ப்பா கெடக்கு. 15-ந் தேதி ஞாயித்துக்கிழமை சிவராத்திரி. குலசாமி கோயிலுக்கு வெள்ளிக்கிழமையே கெளம்புறீங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, திங்கக்கிழமை பையனுக்கு மொட்டை போட்டுட்டு வர்றீங்க. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லேன்னா லீவு ரெண்டு நாளு. இருந்தா மூணு நாளு. நீ பாட்டுக்கு ‘13 முதல் 16 வரை’ன்னு எழுதிக் கொடுத்தா, அங்க எண்ணுற அம்மா விரலை மடக்கி நாலுன்னுவாங்க. மூணைத் தாண்டிருச்சா? கூப்பிடு அப்பனை! ஒன் ஆபீசுக்கு நீ லீவு போட்டுட்டுப் போயி நிக்கணும். அதான் ‘முதல், வரை’ எல்லாம் வேணாங்குறேன். பள்ளி நாளை மட்டும் தனித்தனியா எழுது. முதல்ல விரலை எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்பு.

காரணம் என்ன எழுதப்போற? ‘காய்ச்சல்’னா? எல்லாரும் அதைத்தான் எழுதுறாக. செவ்வாக்கிழமை காலையில மொட்டத்தலையும் சந்தனமுமா பையன் வகுப்புக்குள்ள நுழைவான். எந்தக் காய்ச்சலுக்குடா தலையை மழிச்சாங்கன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்லுவான்? கெடா வெட்டுனதுல இருந்து யாரு எம்புட்டுச் சாப்பிட்டான்ங்கிறது வரைக்கும் சொல்லிருவான். நாலாவது படிக்கிற புள்ளை வாயை நீ மூட முடியுமா? குலதெய்வ வழிபாடுன்னே எழுது. அதுல என்ன வெக்கம்?

நீ எங்கிட்டோ இருந்து எடுத்து அனுப்புன மாதிரிக் கடிதத்தையும் பாத்தேன். ‘மாண்புமிகு’வாம், ‘பேரன்புடன் பணிந்து சமர்ப்பிப்பது’வாம். மந்திரிக்கா மனு கொடுக்குற? அதுல இன்னொரு வேடிக்கை. ‘எனக்கு விடுப்பு தாருங்கள்’னு புள்ளை கேக்குற மாதிரி எழுதிட்டு, கீழ அப்பன் கையெழுத்துப் போட எடம் விட்டிருக்கான். லீவு ஒனக்கா, ஒம் மகனுக்கா? பெத்தவங்க எழுதணும்னு அவங்க கேட்டிருக்காங்கல்ல? ‘என் மகன்’னே ஆரம்பி.

அனுப்புநர், பெறுநரை முறையாப் போடு. பெறுநர்ல தலைமை ஆசிரியை, அதுக்குக் கீழ ‘வழி: வகுப்பாசிரியை’. பொருளுக்குக் கீழ ‘பார்வை: தங்கள் 02.02.2026 நாளிட்ட சுற்றறிக்கை’ன்னு ஒரு வரி. தாளைப் படிச்சுட்டுத்தான் எழுதியிருக்கான்னு அவங்களுக்குத் தெரியட்டும். சனிக்கிழமை விடுமுறைதான்னு வச்சுக்கிட்டு உள்ள இருக்குறதை எழுதுறேன்:

“அம்மா, 4-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகன் (பெயர், சேர்க்கை எண்), எங்கள் குலதெய்வ வழிபாட்டிற்காக வெளியூர் செல்வதால், 13.02.2026 வெள்ளி, 16.02.2026 திங்கள் ஆகிய 2 பள்ளி நாட்களுக்கு விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 17.02.2026 செவ்வாய் அன்று பள்ளிக்கு வருவான். 16-ஆம் தேதி தமிழ்த் தேர்வை வேறொரு நாளில் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.”

அம்புட்டுத்தான். அந்தக் கடைசி வரியை விட்டுறாத. லீவு கொடுத்தாகங்கிறதுக்காக, தேர்வை மறுபடி வைப்பாகன்னு அர்த்தமில்ல. கேட்டாத்தான் வைக்கிறதா வேணாமான்னு அவங்க யோசிப்பாக. மாட்டோம்னு சொன்னா, மொட்டையை ஞாயித்துக்கிழமையே போட்டுட்டு ராத்திரி வண்டியேறுறதுதான் வழி. அதை ஒங்க அம்மாகிட்ட நீயே பேசிக்க, என்னை இழுக்காத.

அப்புறம், இதைப் பாத்து ஒன் கையால எழுது. டைரியில யாரு கையெழுத்து இருக்கோ அவங்கதான் இதுலயும் போடணும். தாத்தன் கையெழுத்து அங்க செல்லாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால மூணு வேலை நாளுன்னா, திங்கக்கிழமையே பையன் பையில வச்சு அனுப்பிரு. போட்டோவுல தாளோட அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கு. கிழிச்சுக் கொடுக்குற துண்டுச் சீட்டு ஏதும் இருக்கான்னு பாத்து, இருந்தா அதுலயும் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தோட சேத்துப் பின் அடிச்சுரு.