கடல்கடந்த மாமாவும் வெண்பாவின் ஈற்றடியும்

வெளிநாட்டில் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவரை விமான நிலையத்தின் வருகை வாயிலில் நிறுத்தி, அவருடைய உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தாளில் எழுதிய பாட்டொன்றை உரக்கப் படிக்கும் வழக்கத்தை வரவேற்பு மடல் என்னும் வகையில் அடக்கலாம். தலைவர்களுக்கும் துறவிகளுக்கும் பொதுமக்கள் படித்தளித்த வரவேற்புப் பத்திரத்தின் வீட்டு வடிவமே இது. 1893இல் அமெரிக்கா சென்ற சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கி, மதுரையிலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் செல்லும் வழியில் அதிகாலை நான்கு மணிக்குத் திருச்சி நிலையத்தை அடைந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேடையில் கூடி அவருக்கு வரவேற்பு மடல் அளித்தனர். தூக்கம் கெட்டுப்போன ஒருவரை நிற்கவைத்து மடல் படிக்கும் பழக்கம் திருச்சிக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வகைப் பாட்டுக்குத் தமிழ் இலக்கியத்தில் நெருங்கிய உறவு எது என்று தேடுவோர் பிள்ளைத்தமிழில் வந்து நிற்பர். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் அந்நூல்வகையில், தளர்நடை பயிலும் குழந்தையைத் தம்மிடம் வருமாறு பெரியோர் அழைக்கும் பகுதிக்கு வருகைப் பருவம் அல்லது வாரானைப் பருவம் என்று பெயர். திருச்சியை அடுத்த அதவத்தூரில் பிறந்து, திருவானைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பெரியோர் குழந்தையை அழைப்பதே முறை என்னும் மரபில் நின்றவர். இங்கோ முறை தலைகீழாகிறது. நாற்பது வயதைக் கடந்து, முடி கொட்டி, தள்ளுவண்டியைப் பிடித்தபடி தளர்நடையிட்டு வருபவரைக் குழந்தைகள் வருகவென்று அழைக்கின்றனர்.

இந்த மடலை எழுதுவோர் பெரும்பாலும் நான்கு பக்க விருத்தமாக எழுதி, அதில் கடலையும் நிலவையும் காவிரியையும் மலைக்கோட்டையையும் ஒருசேர இறக்கிவிடுகின்றனர். வந்தவர் இரண்டாவது பாட்டு முடியுமுன் தம் தாயைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிடுவதால், மற்ற பாட்டுகள் வரலாற்றில் இடம்பெறாமலே போகின்றன. ஆகவே நான்கே அடிகளில் முடிந்துவிடும் வெண்பாவே வருகை வாயிலுக்கு ஏற்றது. அதிலும் திருச்சி எடமலைப்பட்டி புதூர்க்காரருக்கு இயற்கையே ஒரு சலுகையை வழங்கியிருக்கிறது. அதைக் காண்பதற்கு யாப்பிலக்கணத்தில் இரண்டு படி மட்டும் ஏறினால் போதும்.

செய்யுளின் சிறு துண்டு அசை எனப்படும். தனித்து நிற்கும் எழுத்தோ, ஒற்றெழுத்தோடு கூடிய ஓரெழுத்தோ நேரசை. குறிலை அடுத்து வேறொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை. அசைகள் சேர்ந்தது சீர். இரண்டசைச் சீர் நேரில் முடிந்தால் மா என்றும், நிரையில் முடிந்தால் விளம் என்றும், மூன்றசைச் சீர் நேரில் முடிந்தால் காய் என்றும் பெயர் பெறும். மாவை அடுத்து நிரையும், விளத்தையும் காயையும் அடுத்து நேரும் வர வேண்டும் என்பதே வெண்பாவின் கண்டிப்பு. இதற்குத் தளை என்று பெயர். விலங்கு என்பதும் அச்சொல்லுக்குப் பொருள் என்பதை வெண்பா எழுதியோர் அனைவரும் அறிவர். கடைசி அடியில் மூன்றே சீர்கள் நிற்கும். இறுதிச் சீர் பெரும்பாலும் ஒரே அசையாக, நேரானால் நாள் என்னும் வாய்பாட்டிலும் நிரையானால் மலர் என்னும் வாய்பாட்டிலும் முடியும்.

இப்போது ஊர்ப்பெயரை அலகிட்டுப் பார்க்கலாம். எட, மலைப் என்னும் இரு நிரைகள் சேர்ந்து எடமலைப் என விளமாகிறது. அடுத்து வரும் பட்டி நேரில் தொடங்கி நேரில் முடியும் மா. அதை அடுத்து நிரை வேண்டும். புதூர் என்பது குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்த நிரை, அதுவும் தனித்த ஒற்றை அசையாக மலர் வாய்பாட்டில் நிற்கிறது. ஆக, எடமலைப் பட்டி புதூர் என்று நகரப் பேருந்தின் முகப்பில் எழுதி ஓட்டினாலே அது பிழையற்ற வெண்பா ஈற்றடியாகிவிடுகிறது. திருச்சிராப்பள்ளிக்கே கிட்டாத பேறு இது. அப்பெயரும் விளமும் மாவுமாகத்தான் பிரிகிறது, ஆனால் முடிப்பதற்கு ஓரசை இல்லாமல் பாதி வழியில் நிற்கிறது. அவசரத்தில் எ.புதூர் என்று சுருக்கிச் சொல்வோர் தாம் எதை இழக்கிறோம் என்று அறியாமல் சொல்கின்றனர்.

கடைசி அடி இலவசமாகக் கிடைத்துவிட்டதால் மீதி மூன்றடியை மட்டும் செய்தால் போதும். எட என்பதற்கு எதுகையாக, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவருமாறு, கடல், தடை, நட, கடகட என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்பதும் ஊரின் அதிர்ஷ்டமே. இவற்றை வைத்துச் செய்த மாதிரி வெண்பா வருமாறு:

கடல்கடந்த மாமா வருகவே, காவல்
தடைகடந்து பெட்டி சுமந்து – நடந்து
கடகடக்கும் வேனிலே ஏறுக, ஏங்கும்
எடமலைப் பட்டி புதூர்.

சக்கரம் வைத்த பெட்டியை எவரும் இப்போது சுமப்பதில்லை என்று பொருட்குற்றம் காண்போர், உருட்டி என்று மாற்றிக்கொள்ளலாம்; தளை கெடாது. மூன்றாம் அடியின் முதற்சீருக்கு மோனை அமையாத குறையை வேனின் மீது போட்டுவிடலாம், ஏற்கெனவே அது பல குறைகளைச் சுமந்து ஓடுகிறது.

உண்மையான சிக்கல் இலக்கணத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. ஆங்கிலேயர் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையெல்லாம் ஒரே கூட்டமாக நிறுத்திவிடுவர். தமிழ்க் குடும்பத்திலோ வந்தவரின் அக்காள், தங்கை பிள்ளைகள் அவரை மாமா என்றும், அண்ணன் பிள்ளைகள் சித்தப்பா என்றும், தம்பி பிள்ளைகள் பெரியப்பா என்றும் அழைப்பர். மாமா என்பது மா. அதனால் நிரையில் தொடங்கும் வருகவே அடுத்து வந்தது. சித்தப்பா என்பதோ மூன்றசைக் காய். அதை அந்த இடத்தில் வைத்தவுடன் வருகவே தளை தட்டுகிறது. அக்காள் மகன் ஒரு தாளையும் அண்ணன் மகள் அதே தாளையும் பிடித்து, அவரவர் முறைப்படி சொல்லை மட்டும் மாற்றிப் படித்தால், கேட்பவருக்கு ஏதோ இடறுவது தெரியும், எது என்று தெரியாது.

இதற்குத் தீர்வு உண்டு. சித்தப்பா என்று மாற்றுவோர் வருகவே என்பதையும் வாருமே என்று மாற்றிவிட வேண்டும். காயை அடுத்து நேர் வந்துவிடும். வருகவே, வாருமே இரண்டும் விளமாகவே முடிவதால் அடுத்துள்ள காவல் என்னும் சீரைத் தொட வேண்டியதில்லை. பெரியப்பாவுக்குத்தான் வழியில்லை. அது நிரையில் தொடங்குவதால் கடல்கடந்த என்னும் காய்ச்சீரின் பின் நிற்காது. முன்னே மாச்சீர் ஒன்று வேண்டும். கடலைப் பெரியப்பா வாருமே என்று எழுதினால் தளை மிகச் சரியாக அமைகிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புபவரை வாயிலிலேயே வேர்க்கடலையோடு தொடர்புபடுத்துவது குடும்ப நலனுக்கு ஏற்றதன்று. தம்பி பிள்ளைகளைப் பூச்செண்டு பிடிக்கச் சொல்லிவிடுவதே நடைமுறையில் நல்லது.

படிக்கும் இடத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் 2024 ஜூன் 11 முதல் பயன்பாட்டில் உள்ள புதிய முனையத்திலும், பயணச்சீட்டு இல்லாதோர் வெளிப்புறத் தடுப்புக் கம்பிக்கு இப்பால்தான் நிற்க முடியும். விமானம் தரையிறங்கியதாகப் பலகையில் எழுத்து மாறியவுடன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது அனுபவமற்றோர் செய்வது. குடியேற்றச் சோதனை, பெட்டி சுழன்று வரும் பட்டை, பின்னர் சுங்கத்துறை என்று மூன்று இடங்களில் காத்திருந்த பிறகே பயணி வெளியே வருவார். தங்கக் கடத்தலுக்காக அடிக்கடி செய்தியில் அடிபடும் நிலையமாதலால் மூன்றாம் இடத்தில் எவரும் அவசரப்படுத்த முடியாது. இதற்குள் கடைக்குட்டி உறங்கிவிடும். தாளின் ஒரு மூலை வாயில் போய் ஈரமாகியிருக்கும்.

யாரைப் பார்த்துப் படிப்பது என்பது அடுத்த இடர். அவர் போன பிறகு பிறந்த பிள்ளைகள் அவரைக் கைப்பேசித் திரையில் கழுத்துக்கு மேல் மட்டுமே கண்டவர்கள். திருவரங்கத்தில், படையெடுப்புக்கு அஞ்சி 1323இல் வெளியேறிய உற்சவத் திருமேனி 1371இல் திரும்பி வந்தபோதும் இந்த ஐயமே எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அங்கே எழுந்தருளியிருந்ததால், பழைய பெருமாள் எவர் என்று சொல்ல ஆளில்லை. பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர் திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் மணத்தைக் கொண்டு இவரே நம்பெருமாள் என்று அடையாளம் காட்டினார் என்பது கோயில் மரபு. பன்னாட்டு விமானத்தில் வந்து இறங்குவோரிடம் ஒரே வகை வாசனைத் திரவியமே வீசுவதால் அம்முறை இங்குப் பயன்படாது. பிள்ளைகள் யாரோ ஒரு கும்பகோணத்துக்காரரை நோக்கிக் கடல்கடந்த மாமா வருகவே என்று தொடங்குவதும், அவர் கண் கலங்கி நிற்பதும் அதனால்தான்.

அடிக்கு ஒரு பிள்ளை என்று பங்கிட்டுக் கொடுப்பதில் மற்றோர் அபாயம் உண்டு. மாதிரி வெண்பாவின் முதலடி பொருள் முடியாமல் காவல் என்று நின்று, அடுத்த அடியில்தான் தடைகடந்து என்று தொடர்கிறது. முதற்பிள்ளை தன் பங்கை முடித்துக் காவல் என்று உரக்கக் கூறி நிறுத்த, இரண்டாம் பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்தால், துப்பாக்கியோடு நிற்கும் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் திரும்பிப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாமலிருந்தால் இன்னும் விளக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டடிகளை ஒரே பிள்ளையிடம் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. அதுவும் இழுத்துப் பாடாமல், வெண்பாவுக்கு உரிய செப்பலோசையில், அதாவது ஒருவரோடு பேசுவது போன்ற ஓட்டத்தில் சொன்னால், பின்னால் வரும் தள்ளுவண்டிகள் மோதுவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

வரவேற்பு மடல் படித்தால் வந்தவர் ஏற்புரை நிகழ்த்துவது முறை. விவேகானந்தர் ஒவ்வோர் ஊரிலும் நிகழ்த்திய ஏற்புரைகள் நூலாகவே தொகுக்கப்பட்டன. இங்கு அதற்கு இடமில்லை; பாட்டு முடிந்து மாமா மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமி, ஒரு சொல் எடுக்குமுன், கடகடக்கும் வேனின் ஓட்டுநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏறுங்கண்ணே, பார்க்கிங் காசு ஏறிக்கிட்டே இருக்கு" என்று கூறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.