நாலு நோட்டுக்கு ஒரு நோட்டு

1945-ல் ஹங்கேரி சர்க்காரின் சொத்துப் பட்டியல் ரொம்பச் சின்னது. புடாபெஸ்டில் தன்யூப் நதிப் பாலங்கள் அத்தனையையும் ஜெர்மன் படை ஓடும்போது தகர்த்துவிட்டது. மத்திய வங்கியின் தங்கத்தைப் பழைய ஆட்சிக்காரர்கள் ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோற்ற கட்சியில் போரிட்ட குற்றத்துக்கு 30 கோடி டாலர் நஷ்டஈடு வேறு. வரி போடலாமென்றால் கட்டுகிறவனிடம் கையில் ஒன்றுமில்லை. ஆனால் நோட்டடிக்க மட்டும் வழியிருந்தது. நாட்டின் பணத்துக்குப் பெயர் பெங்கோ. முந்தைய பணமான கொரோனா முதல் உலகப்போருக்குப் பின் இதே மாதிரி நாறிப்போனதால், அதற்குப் பதிலாக 1927-ல் வந்த மானமுள்ள பணம் அது.

சரி, நோட்டடித்தால் யாருக்கு நஷ்டம்? ஓர் ஊரில் எல்லோர் பையிலும் உள்ள நோட்டுகளைக் கூட்டினால் 100 ரொட்டி வாங்கலாம் என்று வையுங்கள். சர்க்கார் அதே அளவு புது நோட்டு அடித்து ரொட்டிக் கடைக்கு வருகிறது. ரொட்டி கூடவில்லை, நோட்டு இரட்டித்துவிட்டது, விலையும் இரட்டிக்கிறது. பழைய நோட்டுகள் இப்போது 50 ரொட்டிதான் பெறும். மீதி 50 ரொட்டி சர்க்கார் வயிற்றில். ரசீது கிடையாது, வசூல்காரன் கிடையாது. குதிரில் கோதுமை வைத்திருந்த விவசாயிக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை. அலமாரியில் நோட்டை மடித்து வைத்த பாட்டிதான் முழு வரியும் கட்டினாள்.

இந்த ரகசியத்தை ஹங்கேரி சர்க்கார் 1945 டிசம்பரில் தானே போட்டுடைத்தது. 1,000 பெங்கோ முதலான பெரிய நோட்டுகளில் ஒரு வில்லை ஒட்டினால்தான் செல்லும் என்று உத்தரவு. வில்லையின் விலை, நோட்டின் மதிப்பைப்போல மூன்று மடங்கு! உங்களிடம் 1,000 பெங்கோ நோட்டு நாலு இருந்தால், மூன்றைக் கொடுத்து வில்லை வாங்கி நாலாவதில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். கையில் நோட்டு வைத்திருந்த பாவத்துக்கு 75 சதவீத வரி. அதுவரை சத்தமில்லாமல் பையில் கைவிட்டவர்கள், இந்த ஒரு முறை கவுன்ட்டர் திறந்து வசூலித்தார்கள். அந்த நேர்மையை மட்டும் நான் பாராட்டுவேன். விலைகள் கொஞ்ச நாள் தயங்கின. பற்றாக்குறை அப்படியே இருந்ததால் இயந்திரம் மறுபடி ஓடியது, விலையும் பின்னாலேயே ஓடியது.

அடுத்த தலைவலி, நிஜ வரி. இன்று போட்ட வரி அடுத்த மாதம் வந்து சேரும்போது ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆகவே 1946 ஜனவரியில் ‘அடோபெங்கோ’ என்றொரு கணக்குப் பணம் பிறந்தது. வரிப் பெங்கோ என்று அர்த்தம். விலைவாசி ஏற ஏற அதன் பெங்கோ மதிப்பையும் ஏற்றி தினமும் அறிவித்தார்கள். வரி தப்பித்தது. வங்கி டெபாசிட்டையும் இதே கணக்கில் சேர்த்ததால் அதுவும் தப்பித்தது. எல்லோரும் தப்பித்தால் சுமப்பது யார்? வெறும் நோட்டு வைத்திருந்தவன். சுமக்கும் முதுகு குறையக் குறைய, அதே வருமானத்துக்கு இன்னும் வேகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று.

ஜனங்கள் மட்டும் முட்டாள்களா? சம்பளம் கைக்கு வந்த நிமிஷமே உப்போ ஆணியோ கிடைத்ததை வாங்கினார்கள். நோட்டை யாரும் வைத்துக்கொள்ளாதபோது வரி போட எதுவும் மிஞ்சுவதில்லை. 1946 ஜூலையில் விலை சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தது. காலையில் வாங்கிய சம்பளம் நடுராத்திரிக்குள் பாதி. புதுப் படம் வரையக்கூட நேரமில்லை. பழைய நோட்டின் நிறத்தை மாற்றி, பெங்கோ என்ற இடத்தில் மில்பெங்கோ, அப்புறம் பி-பெங்கோ என்று போட்டார்கள். மில் என்றால் பத்து லட்சம், பி என்றால் லட்சம் கோடி. புழக்கத்துக்கு வந்த கடைசிப் பெரிய நோட்டில், ஒன்றுக்குப் பின்னால் 20 பூஜ்ஜியம் போடவேண்டிய தொகை. உஷாரான அடோபெங்கோவையும் சர்க்கார் நோட்டாக அச்சடித்துப் புழங்கவிட்டது. அதுவும் அதே சாக்கடையில் விழுந்தது. கடைசியில் நாட்டிலிருந்த பெங்கோ நோட்டு மொத்தத்தையும் மூட்டை கட்டினால் ஓர் அமெரிக்க சென்ட்கூடத் தேறாது. குப்பைக்காரர் தெருவில் நோட்டைப் பெருக்கித் தள்ளும் புகைப்படம் அந்தக் காலத்துடையதுதான்.

1946 ஆகஸ்ட் 1-ல் ஃபோரிண்ட் வந்தது. ஒரு ஃபோரிண்டுக்கு எத்தனை பெங்கோ என்றால், 4 போட்டுப் பின்னால் 29 பூஜ்ஜியம் போடுங்கள். அமெரிக்கர்கள் தங்கத்தைத் திருப்பித் தந்தார்கள். பற்றாக்குறைக்கு மத்திய வங்கியிடம் கை நீட்டும் வழியும் இறுக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகும் நோட்டு அச்சடிப்பு நிற்கவில்லை. அடுத்த சில மாதங்களில் புழங்கிய ஃபோரிண்ட் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று, விலையோ பழையபடி பறக்கவில்லை. பாட்டி மறுபடி அலமாரியில் நோட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள்.