என் 24,000 ரிங்கிட் எங்கே தங்கியிருந்தது?

பெருமதிப்பிற்குரிய வங்கி வீட்டுக்கடன் பிரிவு மேலாளர் சமூகத்துக்கு,

பாரோயிலிருந்து ஒரு வீட்டுக்கடன்காரன் எழுதிக்கொள்வது. இங்கே ஸ்டேடியத்தில் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் எங்கள் வீட்டுக் கடனுக்கு மட்டும் வட்டி தவறாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. தாங்களும் அதுபோலவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த அக்டோபரில் தாங்கள் அனுப்பிவைத்த ஸ்டேட்மென்ட் கிடைத்தது. வழுவழுப்பான தாள், அழகான அச்சு. ஓரத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் வட்டிப் பத்தியைப் படிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. நான் படித்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

2024 அக்டோபர் 10-ஆம் தேதி ஊழியர் சேமநிதியிலிருந்து என் பணம் 24,000 ரிங்கிட் நேராகத் தங்கள் வங்கிக்கு வந்தது. என் கைக்கு வந்து போகவில்லை. சேமநிதியே தங்கள் கணக்கில் போட்டது. மூன்று ஷிப்டும் மாறி மாறிச் சினாவாங் தொழிற்சாலையில் நின்று, மாதா மாதம் சம்பளத்தில் 11 சதவீதம் பிடித்த காசு அது. ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வீட்டுக்கடன் நிலுவையைக் குறைப்பதற்காக எடுக்கலாம் என்று சேமநிதி சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்தது. எடுத்தேன். நிலுவை குறைய வேண்டும், குறையவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் தங்களுக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் புரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஸ்டேட்மென்டில் 2024 அக்டோபர் 10-க்கு நேரே நிலுவைப் பத்தியைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. கீழே தனியாக ஒரு வரி: ‘அட்வான்ஸ் பேமெண்ட் 24,000.00’. என் பணம் கடனுக்குள் போகாமல் கடன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. போய்விடு என்றும் சொல்லவில்லை. ஓராண்டாகத் திண்ணையில் காவல் இருக்கிறது. இந்தக் காவலுக்குக் கூலி அதற்குக் கிடைக்கவில்லை. தங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தாங்கள் வாங்கிய கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் ஒப்பந்தப்படி வட்டி அன்றாட நிலுவையின் மேல் கணக்கிடப்படும். அதாவது நிலுவையை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி, 365 ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. நாள்களால் பெருக்கினால் மாத வட்டி. நான்காம் படிவம் வரை படித்த என் மனைவிகூட பாசார் மாலாம் கணக்கைவிட இது சுலபம் என்கிறாள். 2025 ஜனவரியில் தாங்கள் காட்டிய நிலுவை 166,600. விகிதம் 4.25 சதவீதம். 31 நாளுக்கு 601.36 ரிங்கிட் வட்டி எடுத்திருக்கிறீர்கள். தங்கள் கூட்டல் பெருக்கலில் ஒரு காசுகூடப் பிசகில்லை. பாராட்டுகிறேன். பிசகு நிலுவையில்தான். அதிலிருந்து 24,000-ஐக் கழித்து 142,600-க்குப் போட்டால் 514.73 வருகிறது. வித்தியாசம் 86.63. ஒரு மாதத்துக்கு மட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள் ஆனது என்றால், மாதத்தின் நாள் கணக்குக்கு ஏற்ப ஏறி இறங்கினாலும் வட்டிப் பத்தி மொத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் வருகிறது. தவணை கட்டக் கட்ட அது குறையத்தான் செய்யும். மேலோட்டமாகப் பார்க்கிறவன் எல்லாம் சரி என்று மடித்து வைத்துவிடுவான். வட்டிப் பத்தியை விட்டுவிட்டு நிலுவைப் பத்தியைப் பார்த்தால்தான் தெரியும்: பணம் வந்த தேதியில் அங்கே ஒரு பெரிய சறுக்கல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் வேறு எங்கோ போயிருக்கிறது.

கிளைக்கு வந்து கேட்டேன். முகப்பில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

“அங்கிள், சிஸ்டம்தான் அப்படிப் போட்டிருக்கு. நீங்க கேப்பிட்டல் ரிடக்‌ஷன்னு எழுதிக் கொடுக்கலையே?”

“அப்போ நான் சிஸ்டத்தோட பேசலாமாம்மா?”

“அது கோலாலம்பூர்ல இருக்கு, அங்கிள்.”

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிஸ்டம் செய்வதற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் அவள் சொன்ன காரணத்தைத் தாங்கள் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். வழக்கமாக ஒருவன் தன் கையிலிருந்து தவணைக்கு மேல் பணம் கட்டினால் அது முன்கூட்டிய தவணையா, அசலைக் குறைக்கும் பணமா என்று எழுதிக் கேட்பது நியாயம். சில வீட்டுக்கடன்களில் எழுதிக் கொடுக்காமல் கட்டினால் அது அசலைத் தொடாது என்பதும், ‘ஃபிளெக்சி’ கடன்களில் கட்டியவுடனே வட்டி குறையும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பணத்தை நான் கட்டவில்லை. வீட்டுக்கடன் நிலுவையைக் குறைக்க என்றே பெயர் போட்ட விண்ணப்பத்தின் பேரில் சேமநிதி அனுப்பியது. மாதத் தவணை கட்ட விரும்பினால் அதற்குச் சேமநிதியில் வேறு விண்ணப்பம் இருக்கிறது. நான் அதைப் போடவில்லை. எந்த நோக்கத்துக்காகப் பணம் வருகிறது என்று அனுப்பியவர் சொல்லிவிட்ட பிறகு, வாங்கியவர் வேறு நோக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான் எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று காட்டினால் தேவலை.

சிஸ்டத்துக்குக் குறைக்கவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூலை 9-ஆம் தேதி பேங்க் நெகாரா தன் ஓ.பி.ஆர். விகிதத்தை 3.00 சதவீதத்திலிருந்து 2.75-க்குக் குறைத்தது. நம் கடன் எஸ்.பி.ஆர். விகிதத்தோடு கட்டப்பட்டது, 2022 ஆகஸ்ட் முதல் அந்த விகிதம் ஓ.பி.ஆர். போகும் பக்கமெல்லாம் போகும். தங்கள் சிஸ்டம் ஜூலை 14-ஆம் தேதி என் 4.25-ஐ 4.00 ஆக்கிவிட்டது. ஐந்தே நாள்! கோலாலம்பூரிலிருந்து சொன்னால் சிஸ்டத்துக்கு நன்றாகக் காது கேட்கிறது. விகிதத்தைக் குறைக்க ஐந்து நாள் போதுமானால், அசலைக் குறைக்க ஓராண்டு எதற்கு?

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் சீவியவர். பால் கொண்டுபோய் ஸ்டோரில் கொட்டும்போது கிராணி மெட்ரோலாக்கை உள்ளே விட்டு அளவு பார்ப்பார். பாலில் எவ்வளவு ரப்பர் என்பதை வைத்துத்தான் கூலி. அப்பாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் அந்தக் கம்பி எவ்வளவு மிதக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு நகர மாட்டார். கிராணிகளுக்கு அது பிடிக்காது. அப்பாவின் பழக்கம்தான் எனக்கும் வந்திருக்கிறது. தங்களுக்கும் பிடிக்காமல் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

மொத்தக் கணக்குக்கு வருகிறேன். 24,000-க்கு 4.25 சதவீதத்தில், 2024 அக்டோபர் 10 முதல் 2025 ஜூலை 14 வரை 277 நாளுக்கு 774.08 ரிங்கிட். அதற்குப் பிறகு 4.00 சதவீதத்தில் அக்டோபர் 14 வரை 92 நாளுக்கு 241.97. ஆக 1,016.05 ரிங்கிட். இதில் வட்டிக்கு வட்டி சேர்க்கவில்லை. அதிக வட்டி கட்டிய மாதங்களில் அசலுக்குப் போக வேண்டிய தொகை குறைந்ததையும் கணக்கில் எடுக்கவில்லை. அதைத் தங்கள் சிஸ்டமே பழைய தேதியிட்டு மறுபடி ஓட்டினால் தானாக வந்துவிடும். நான் தாராள மனம் உள்ளவன். நான் ஒரு நாள் தவணை தவறினால் தவறிய தவணைத் தொகைக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் தாமதக் கட்டணம் போடுவீர்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தாங்கள் தவறினால் என்ன போடுவது என்று நம் ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. தங்கள் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போது காகிதம் தீர்ந்துபோயிருக்கும்.

ஆயிரம் ரிங்கிட்டுக்கா இத்தனை ஆரவாரம் என்று தாங்கள் கேட்கலாம். ஆயிரம் மட்டும் என்றால் ஒரு தீபாவளிச் செலவு என்று விட்டிருப்பேன். ஆனால் மாதம் 1,050 ரிங்கிட் தவணை. 168,000 நிலுவை இருந்தபோது அது முடிய ஏறத்தாழ இருபது ஆண்டு. 24,000 அசலில் கழிந்து, தவணையை மாற்றாமல் கட்டினால் சுமார் நான்கு ஆண்டு முன்னதாகவே முடியும். எனக்கு இப்போது 52 வயது. நான்கு ஆண்டு என்பது எனக்குச் சில்லறை இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள். இந்தப் பணம் சேமநிதியிலேயே இருந்திருந்தால் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 சதவீத ஈவு. ஓராண்டுக்குக் கிட்டத்தட்ட 1,500 ரிங்கிட். அதை விட்டுவிட்டுத் தங்கள் திண்ணைக்கு அனுப்பி, அங்கே உட்கார வைத்து, அதற்குத் தங்களுக்கு வட்டியும் கட்டியிருக்கிறேன். வங்கித் தொழிலில் தாங்கள் இத்தனை ஆண்டாக ஏன் லாபம் காட்டுகிறீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த 24,000-ஐ 2024 அக்டோபர் 10 தேதியிட்டு அசலில் வரவு வையுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டியை மறுபடி கணக்கிட்டு, திருத்திய பட்டியலை எழுத்தில் அனுப்புங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒற்றை வரிக் கடிதம் வேண்டாம். அப்படிப்பட்ட காகிதம் என்னிடம் போதுமான அளவு இருக்கிறது.

இந்தக் கடிதம் தங்கள் புகார்ப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் வருகிறது. ஸ்டேட்மென்டின் நகல், சேமநிதியின் பணம் அனுப்பிய அறிவிப்பு, என் கணக்கு மூன்றும் கூடவே இருக்கின்றன. 60 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு எடுத்துப்போவேன். 2025 ஜனவரி முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரைக்குமான சச்சரவுகளை ஒரு காசு வாங்காமல் பார்க்கிறார்கள். தங்களின் இறுதிப் பதில் வந்ததிலிருந்து ஆறு மாதம் எனக்கு அவகாசம் உண்டு. அங்கே வந்த முடிவை நான் ஏற்றுக்கொண்டால் தாங்கள் கட்டுப்பட வேண்டும். நான் ஏற்காவிட்டால் எனக்குக் கட்டாயம் இல்லை. என் ஒப்பந்தத்தில் எனக்குச் சாதகமாக இருக்கும் ஒரே ஏற்பாடு இதுதான் என்று தோன்றுகிறது, அதுவும் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறது.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். 1,016.05 ரிங்கிட்டைத் திருப்பித் தரும்போது தயவுசெய்து ‘அட்வான்ஸ் பேமெண்ட்’ வரியில் போட வேண்டாம், அசலில் போடுங்கள்.

இப்படிக்கு,
பாரோய் வீட்டுக்கடன்காரன்