நான் இங்கே படிப்பதாகக் கேள்வி, ஐயா

அனுப்புநர்: மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் (என்று அவனே சொல்லிக்கொள்கிறான்).

பெறுநர்: மாண்பமை துறைத் தலைவர் அவர்கள், வகுப்பு ஆலோசகர் அவர்கள் வழியாக.

பொருள்: போனஃபைடு சான்றிதழ் – நான் இருக்கிறேன் என்பதை உறுதிசெய்யக் கோருதல் – மீண்டும் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் மனமிரங்கி வழங்கிய சான்றிதழ், நேற்றைய தேதியிட்டது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பொன்னான கையொப்பத்தோடு கிடைத்த போனஃபைடை நேற்று மதியமே வங்கிக்குக் கொண்டுபோனேன். கல்விக்கடன் பார்க்கும் அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல வாய்விட்டுப் படித்தார். என் பெயர் சரி, பதிவெண் சரி. முதல் வரியில் நான் ஆண். நடத்தை பற்றிய வரியில் பெண்ணாகிவிட்டேன். கடைசியில், எந்த நோக்கத்துக்காக வழங்கப்படுகிறது என்ற இடத்தில், “பஸ் பாஸ்” என்று இருந்தது.

“பஸ் பாஸுக்கா தம்பி லோன் கேக்கறீங்க? எந்த ஊர் பஸ்ஸு?” என்றார் அந்த அம்மா. வரிசை முழுக்கச் சிரித்தது. கடனில் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதால் அவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கம்மி.

இதில் தங்கள் தவறு எள்ளளவும் இல்லை. அலுவலகக் கணினியில் போனஃபைடுக்கென்று இருப்பது ஒரே ஒரு கோப்பு. எனக்கு முன்னால் வாங்கியவரின் பெயரை அழித்து என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மற்றதை அழிக்க நேரமில்லை. முன்னால் வாங்கியவர் பஸ்ஸில் வரும் ஒரு நல்லொழுக்க மாணவி என்று தெரிகிறது. அவருக்கு என் வாழ்த்துகள். தாங்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் தைரியமில்லை. அப்படிக் கேட்பதற்கு முதலில் நான் இருக்க வேண்டும்.

நான் இருக்கிறேனா இல்லையா என்பதில் கல்லூரிக்கு இருக்கும் ஐயம் நியாயமானது. எனக்கே சில நாள் அந்த ஐயம் வருவதுண்டு. ஆனாலும் பணிவோடு ஒரு தருக்கத்தை முன்வைக்கிறேன். போன பருவத்தில் வகுப்பு ஆலோசகர் ஐயா எனக்குப் பல நாள் ஆப்சென்ட் போட்டார். ஆப்சென்ட் போடுவதற்கும் ஒருவன் வருகைப்பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ஊரில் இருக்கும் எல்லாரும்தான் தங்கள் வகுப்புக்கு வரவில்லை. அவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போடுவதில்லையே? வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டோம் என்று என் அப்பாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது. இல்லாத மகனைப் பற்றி அப்பாவுக்கு ஏன் செய்தி அனுப்ப வேண்டும்? ஆனால் விண்ணப்பத்தில் பரிந்துரைக் கையெழுத்து கேட்டுப் போய் நின்றபோது அதே ஐயா தலையை நிமிர்த்தாமல், “நீ எந்த செக்ஷன்? உன்ன பாத்த மாதிரியே இல்லையே” என்றார். அவர் வகுப்பிலிருந்து என்னை வெளியே அனுப்பி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வங்கிக்கு இந்தக் காகிதம் ஏன் வேண்டும் என்று தாங்கள் கேட்டீர்கள். “லோன் முதல் வருஷமே சாங்ஷன் ஆயிடுச்சில்ல, அப்புறம் வருஷா வருஷம் எதுக்கு?” என்றீர்கள். மொத்தக் கடனுக்கும் ஒப்புதல் ஒரே முறைதான். பணம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தவணையாக, அதுவும் என் கையில் தராமல், நேராகக் கல்லூரிக் கணக்குக்கு வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் பையன் இன்னும் படிக்கிறானா, எத்தனையாவது ஆண்டு, இந்த ஆண்டுக் கட்டணம் என்ன என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். கூடவே மதிப்பெண் பட்டியல்.

நன்னடத்தை வரிக்கும் காரணம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே மானியமாகத் தருகிறது. மாணவன் பாதியில் நின்றுவிட்டாலோ, ஒழுங்கு நடவடிக்கையாலோ படிப்பில் தேறாததாலோ கல்லூரி அவனை வெளியேற்றினாலோ அந்த மானியம் கிடையாது. வங்கிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இவனை வெளியேற்றிவிட்டீர்களா, இல்லையா? நான் உத்தமனா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே கடன் வேண்டாம் என்றிருப்பேன்.

ஆனால் தாங்கள் என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டினீர்கள். தெர்மோடைனமிக்ஸ் அரியர் கண்ணில் பட்டது. “அரியர் வெச்சுக்கிட்டு குட் காண்டக்ட் கேக்குதா உனக்கு?” என்றீர்கள். அறை முழுக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் டீ குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். அரியர் இருப்பவனும் அடுத்த ஆண்டுக்குப் போகிறான், பரீட்சைக் கட்டணம் கட்டுகிறான், மறுபடி எழுதுகிறான். அது பாடத்தில் தவறியது, நடத்தையில் தவறியது அல்ல. என்ட்ரோபி எனக்குப் புரியவில்லை என்பதற்காக நான் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இல்லாத ஒருவனுக்கு நடத்தை மட்டும் எங்கிருந்து வரும்?

அடுத்து நோ டியூஸ். கட்டணப் பாக்கி இல்லை என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு முத்திரை குத்தினால்தான் திருத்திய போனஃபைடு என்றார்கள். பாக்கியைக் கட்டப் போவது வங்கி. போனஃபைடு வந்தால்தான் வங்கி கட்டும். இதைக் கண்காணிப்பாளர் ஐயாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ரூல்” என்றார். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார்: வெளியே எங்காவது வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு போனஃபைடு வாங்கிக்கொள், பிறகு வங்கியில் கேட்டுக்கொள்ளலாம். கட்டண ரசீதைக் காட்டிப் பணத்தைத் திருப்பி வாங்க வங்கி மேலாளர் ஒத்துக்கொள்ள வேண்டும், அது அவர் மனதைப் பொறுத்தது. இதற்கிடையே தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. இருப்பு உறுதியாகாதவன் மேல் அபராதம் மட்டும் எப்படியோ உறுதியாக விழுகிறது.

கடைசியாக, கட்டண விவரம். இந்த இடத்தில்தான் அலுவலகத்தின் வேகம் குறைந்தது என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. கலந்தாய்வில் வந்தவனுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று கட்டண நிர்ணயக் குழு சொல்லியிருக்கிறது. 2017-இல் அது வைத்த கணக்கு, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், பெறாததற்கு 50,000. கல்லூரி கேட்பதோ அதைத் தாண்டிய ஒரு தொகை. பிளேஸ்மென்ட் பயிற்சி, பராமரிப்பு, இதர வகை என்று வாயால் சொல்கிறார்கள். அந்த மொத்தத்தையும் லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் என்றால் கை நடுங்குகிறது. எழுதினால் அது சாட்சி ஆகிவிடும். எழுதாததற்கு வங்கி கடன் தராது. ஆகவே மிச்சத்தை அப்பா ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும், ரசீது கேட்கக் கூடாது.

இதற்குப் பெயர் என்ன ஐயா? காகிதத்தில் எழுதப் பயப்படுகிற பணத்தை, கூலிக்காரர் ஒருவரிடம் கை நீட்டி வாங்க மட்டும் எப்படிப் பயமில்லாமல் போகிறது? நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது தங்கள் வேலை. அதைக் கேட்டு நான் ஏன் நாயாய் அலைய வேண்டும்? வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா ஏன் நிற்க வேண்டும்? தாங்கள் உள்ளே இருந்துகொண்டே “சார் மீட்டிங்ல இருக்கார்” என்று ஏன் சொல்லியனுப்பினீர்கள்?

மன்னிக்க வேண்டும். கோபப்படுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமே. கல்லூரி முடிவு சொல்லும்வரை இந்தப் பத்தியை யாரும் எழுதவில்லை என்றே கொள்க.

தங்கள் நேரத்தின் அருமை அறிந்து, கடிதத்தை நானே தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். பெறுநர் இடத்தில் கிளை மேலாளர். பெயர் ஆதாரில் உள்ளபடி, இனிஷியலை விரித்து. பதிவெண், பி.இ. இயந்திரவியல், நான்காண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு, தொடர்ந்து படித்துவருகிறார், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. அடுத்து இந்த ஆண்டுக் கட்டணம் வகைவாரியாக. தொகைக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன், மனசாட்சிப்படி நிரப்பிக்கொள்ளவும். கீழே கல்லூரியின் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. நோக்கம்: கல்விக்கடன் தவணை. “பஸ்” என்ற சொல் எங்கும் வராமல் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். லெட்டர்ஹெட்டில் அச்செடுத்து, கடித எண்ணும் தேதியும் போட்டு, முதல்வர் ஐயாவின் கையொப்பத்துக்கு அனுப்பினால் போதும்.

இதற்கும் வாய்ப்பில்லை என்றால் மாற்று ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறேன். இன்று காலை துறை நோட்டீஸ் போர்டில் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இனிஷியலை விரித்து, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருக்கிறது. பதிவெண், படிப்பு, ஆண்டு எல்லாம் இருக்கின்றன. பாக்கித் தொகை, பிளேஸ்மென்ட் பயிற்சியும் இதர வகையும் சேர்த்து, வகைவாரியாக இருக்கிறது. கீழே தங்கள் கையொப்பம், துறை முத்திரை, தேதி. மேலே லெட்டர்ஹெட். செல்பேசியில் படம் எடுத்து வங்கி அம்மாவுக்கு அனுப்பினேன். கேட்ட விவரம் எல்லாம் இதிலேயே இருக்கிறதே, மேலாளரிடம் காட்டிப் பார்க்கிறேன், ஒரிஜினலைக் கொண்டுவர முடியுமா என்று பதில் போட்டிருக்கிறார்.

நோட்டீஸ் போர்டின் கண்ணாடிச் சாவி தங்களிடம் இருப்பதாகப் பியூன் அண்ணன் சொன்னார். எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டணம் கட்டாதோர் பட்டியல், வரிசை எண் 14.