‘கூடும்’ என்ற மூன்றெழுத்து

கேள்வி: ஆய்வுச் செய்தியைச் சுருக்கும்போது ‘அநேகமாக’, ‘கூடும்’ போன்ற சொற்களை வெட்டினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: செய்தியே மாறிவிடும். 2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டு முடிவுகளைச் சொன்னது. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும். ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி ‘அநேகமாக’ உண்டாக்கும். முதலாவதற்குப் பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில் போதுமான சான்று இருந்தது. இரண்டாவதில் தொடர்பு தெரிந்தது. ஆனால் தற்செயலையும் பிற பழக்கங்களின் பாதிப்பையும் முழுதாக ஒதுக்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லை நீக்கி ‘இறைச்சி தின்றால் புற்றுநோய்’ என்று போட்டால், சாசேஜும் மட்டன் குழம்பும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும்.

தலைப்பில் இடமில்லை என்பார்கள். ‘கூடும்’ மூன்றே எழுத்து. ‘அதிர்ச்சி’யை எடுத்தால் தாராளமாக உட்காரும். இத்தனை தயக்கம் வாசகரைக் குழப்பாதா என்றும் கேட்பார்கள். ‘இருக்கக்கூடும் எனக் கருத வாய்ப்புண்டு’ என்று அடுக்கினால் குழப்பும்தான். அங்கே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டலாம். ஆனால் ஆய்வாளர் உறுதியாகச் சொன்ன சாசேஜுக்கு நாமாக ஒரு ‘கூடும்’ சேர்ப்பதும் அதே அளவு தவறு. அந்த முடிவுகளுக்குத் தந்த விளக்கத்தில், தினமும் 100 கிராம் சிவப்பு இறைச்சிக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 17 சதவீதம் கூடலாம் என்ற கணக்கு, ‘இறைச்சிதான் காரணம் என்று நிரூபணமானால்’ என்ற நிபந்தனையோடு வருகிறது. எண்ணை எடுப்பவர்கள் நிபந்தனையையும் எடுங்கள். இடமில்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.