விற்ற காருக்கு ஒரு வருட இன்சூரன்ஸ்

கார் விற்ற விஷயத்தில் நான் செய்த அடிப்படைத் தவறு, அது விற்றுப்போய்விட்டது என்று நம்பியதுதான். பணம் வந்தது, சாவி போனது. 29, 30 எண் படிவங்களில் புரோக்கர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். தேதி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. “ஆர்.சி. பேர் மாத்துறதெல்லாம் நம்ம பையன் பார்த்துக்குவான் சார்” என்றார் புரோக்கர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அந்தப் பையனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கார் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போனது. நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன், ஒரு பொறுப்பு கழிந்த நிம்மதியில்.

சில மாதங்கள் கழித்து, வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாகனக் காப்பீட்டின் புதுப்பிப்புத் தொகை நாளை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த இணைப்பில் போய் நிறுத்துங்கள் என்று அதில் இருந்தது. இணைய மோசடி பற்றித் தெருவில் எல்லோருக்கும் வகுப்பெடுப்பவன் நான். கார் இல்லாதவனுக்குக் கார் இன்சூரன்ஸா, இணைப்பை வேறு தட்டச் சொல்கிறானா என்று நினைத்து, ஏமாறாதவனின் கர்வத்தோடு அழித்தேன். மறுநாள் பணம் போனது.

“ஓ.டி.பி. கேட்காம எப்படிங்க எடுப்பாங்க?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில்தான் எனக்கு வசதியாக இல்லை. முந்தைய வருடம் பாலிசியை ஆன்லைனில் வாங்கியபோது, ‘தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஓ.டி.பி.யையும் நானே கொடுத்திருக்கிறேன். இதற்கு இ-மேண்டேட் என்று பெயர். அனுமதி பதிவாகும்போது ஒருமுறை ஓ.டி.பி. வாங்கிவிட்டால் அடுத்தடுத்த தவணைகளுக்குக் கேட்க வேண்டியதில்லை. காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இந்தச் சலுகை ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அதற்குப் பதிலாக ரிசர்வ் வங்கி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வேண்டாமென்று விலகவும் வழி கொடுக்க வேண்டும். அதாவது நான் வீரத்தோடு அழித்தேனே, அதுதான் அந்தப் பாதுகாப்பு. இணைப்பைத் தட்டாதது தப்பில்லை. வங்கியின் ஆப்பைத் திறந்து, இப்படி ஒரு மேண்டேட் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

தானாகப் புதுப்பிப்பது கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பாலிசி ஒருநாள் விட்டுப்போனாலும் வண்டியைக் காட்டிச் சோதனை முடித்த பிறகுதான் முழுக் காப்பீடு திரும்பக் கிடைக்கும். என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்காகவே செய்த ஏற்பாடு அது. வண்டியை விற்றதையும் மறதிக்காரனே போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் உள்ள ஓட்டை.

அன்றிரவு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீண்ட மின்னஞ்சல். நுகர்வோர் உரிமை, நடுத்தர வர்க்கத்தின் வியர்வை, அந்தக் கார் எங்கள் குடும்பத்துக்குச் செய்த சேவை எல்லாம் அதில் இருந்தன. பாலிசியை உடனே ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தராவிட்டால் வழக்குத் தொடர்வேன் என்று முடித்திருந்தேன். பாலிசி எண் மட்டும் இல்லை. வண்டி எண்ணும் இல்லை. விற்ற தேதி ‘சில மாதங்களுக்கு முன்பு’ என்று இருந்தது. பாலிசி எண்ணைக் கேட்டு இரண்டு வரியில் பதில் வந்தது.

எண்ணைக் கொடுத்த பிறகு ஒரு பெண் போனில் அழைத்தார். குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும். “சார், ரத்து பண்ணணும்னா வண்டிக்கு வேற பாலிசி இருக்கிறதுக்கு ஆதாரம் வேணும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாம வண்டி ரோட்டுல ஓடக் கூடாது இல்லையா?” என்றார். வண்டியே என்னுடையது இல்லை என்றேன். “ஆர்.சி. இன்னும் உங்க பேர்ல இருக்கே சார்” என்றார்.

அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயரில் நடுநடுவே எழுத்துகளை மறைத்து நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். இருந்தாலும் சொந்தப் பெயர் தெரியாமல் போகுமா?

இந்த இடத்தில்தான் கோபம் இறங்கிப் பயம் ஏறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில், 2007இல் ஒருவர் விற்ற கார் பல கைகள் மாறிப் போய்க்கொண்டே இருந்தது. 2009இல் விபத்து நடந்தது. அத்தனை பேரிடம் கைமாறியும் பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே இருந்ததால், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. விபத்தில் சிக்கியவர் குடும்பம், கார் யார் யாரிடம் போனது என்று சங்கிலி பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அந்த முதல் ஆளின் இடத்தில் நான் நிற்பதுதான் பிரச்சினை.

ஆக, ரத்து செய் என்று நான் மிரட்டிக்கொண்டிருந்த பாலிசி, தூத்துக்குடிச் சாலைகளில் என் பெயரோடு ஓடிக்கொண்டிருந்த காருக்கும் எனக்கும் நடுவே நின்ற ஒரே சுவர். அவர்கள் என் பேச்சைக் கேட்டு அன்றே ரத்து செய்திருந்தால், அல்லது புதுப்பிக்காமல் விட்டிருந்தால், வாங்கியவர் யார்மேலாவது மோதிய அன்று நான் காப்பீடும் இல்லாத ‘உரிமையாளர்’ ஆகியிருப்பேன். என் கவனக்குறைவு உண்டாக்கிய ஆபத்திலிருந்து என் இன்னொரு கவனக்குறைவு என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருவருக்கும் பங்கு பிரித்திருக்கிறது. வாங்கியவரை அழைத்தேன். “உங்களைத்தான் அண்ணாச்சி நினைச்சிட்டிருந்தேன்” என்றார். பெயர் மாற்றத்துக்குப் போனபோது பாலிசி முடியப்போகிறது, நடப்புப் பாலிசியோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சரி, புதுப்பித்துக் கொண்டு போகலாம் என்று விட்டவர், விட்டதை விட்டபடியே இருந்திருக்கிறார். என்னைவிடச் சோம்பேறி ஒருவரிடம்தான் காரை விற்றிருக்கிறேன். என் கணக்கிலிருந்து பணம் எடுத்துப் புதுப்பித்த பாலிசியின் நகலை அவருக்கே அனுப்பிவைத்தேன். அதைக் காட்டித்தான் பெயர் மாற்றம் நடந்தது.

புதிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வந்த பிறகு இரண்டாவது மின்னஞ்சல். இதில் வியர்வையும் இல்லை, சேவையும் இல்லை. தலைப்பிலேயே பாலிசி எண்ணையும் வண்டி எண்ணையும் போட்டேன். உள்ளே இவ்வளவுதான்:

“மேற்கண்ட வண்டியை இந்தத் தேதியில் விற்றுவிட்டேன். ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது. நகலும் டெலிவரி நோட்டும் இணைத்துள்ளேன். நடப்புப் பாலிசியை ரத்து செய்ய வேண்டாம். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். இந்தப் பாலிசியை இனி என் கணக்கிலிருந்து புதுப்பிக்கக் கூடாது; தானியங்கிப் புதுப்பிப்புக்கு நான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குரிய நோ கிளெய்ம் போனஸுக்குச் சான்று தரவும். இவற்றைச் செய்ததும் எழுத்தில் உறுதிப்படுத்தவும்.”

ரத்து செய்வதும் புதுப்பிக்காமல் விடுவதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை முதல் மின்னஞ்சலில் நான் குழப்பியிருந்தேன். முன்னது ஓடும் பாலிசியைப் பாதியில் நிறுத்துவது. பின்னது அதை முடியும்வரை ஓடவிட்டு அடுத்த வருடத்துக்குப் போகாமல் தடுப்பது. வண்டி விற்றவன் பெரும்பாலும் கேட்க வேண்டியது பின்னதைத்தான். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வண்டியோடேயே புதியவரிடம் போகிறது. ஆனால் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாகப் போகாது. அதனால் பெயரை மாற்றச் சொல்லி வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த நோ கிளெய்ம் போனஸ் பற்றிக் காப்பீட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் வருடங்கள் போகப் போக, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கழிவு ஏறும். நான் அதைக் காருக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். அது காரை வைத்திருந்த ஆளுக்குரியது. விற்ற ஆதாரத்தைக் காட்டிச் சான்று வாங்கிவைத்தால் மூன்று வருடங்களுக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படும். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், 50 சதவீதத்தில் 4,000 மிச்சம். மூன்றாம் நபர் பிரீமியத்தில் இந்தக் கழிவு கிடையாது. வாங்கியவரோ பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றும்போது, மீதிக் காலத்துக்கு என் கழிவின் அளவைக் கட்டியாக வேண்டும். “உங்க போனஸுக்கு நான் காசு கட்டணுமா அண்ணாச்சி?” என்று அவர் கேட்டதும், நான் கட்டிய பிரீமியத்தில் பாதியையாவது தரச் சொல்லும் பேச்சு அத்தோடு அடிபட்டுப்போனது. இருந்தாலும் கொஞ்சம் தந்தார். எவ்வளவு என்று மனைவியிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு.

உறுதிக் கடிதம் வந்தது. இருந்தாலும் இந்த முறை கடிதத்தை மட்டும் நம்பவில்லை. மின்னஞ்சல், காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்வது. பணத்தை எடுக்கும் அனுமதி இருப்பது வங்கியிடம். யு.பி.ஐ. வழியாகக் கொடுத்திருந்தால் அந்த ஆப்பிலேயே ஆட்டோபே பகுதியில் நாமே நிறுத்தலாம். கார்டு என்றால் அந்தக் கார்டு கொடுத்த வங்கியின் தளத்தில். நான் தேடியபோது காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் பட்டியலிலேயே இல்லை. பாலிசியை வாங்கிக் கொடுத்த இணையதளத்தின் பெயரில் இருந்தது. தொகையை வைத்துத்தான் அடையாளம் கண்டு நிறுத்தினேன்.

அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் உயிரோடு இருந்தன. அதில் ஒன்று, மகனின் பள்ளிக் காலத்தில் அவனுக்காகச் சேர்ந்த ஓர் இந்தி வகுப்பு. இப்போது அவன் புனேயில் வேலை பார்க்கிறான், இந்தியிலேயே சண்டை போடுகிறான். மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.